வராத பணத்துக்கு ஒரு பதிவேடு

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து மாதாமாதம் சேமித்து, அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே உள்கடனாகக் கொடுத்து வாங்குகிறார்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று கணக்கும் ஒழுங்காகவே எழுதப்படுகிறது. ஆனால் ரொக்கப் புத்தகத்தில் ஏறுவது கைக்கு வந்த பணம் மட்டும்தான். ஒருவர் இந்த மாதம் கட்டவில்லை என்றால் அங்கே ஒரு வரியும் விழாது. இரண்டு மாதம் கழித்து, "நான் ஆடியிலேயே கட்டிட்டேனே" என்று ஒருவர் சொன்னால் மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது.

அதற்காகத்தான் கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று கட்டங்கள் கொண்ட பதிவேடு. இந்த மாதம் ஒவ்வொருவரும் தர வேண்டியது கேட்பு. தந்தது வசூல். மிச்சம் நிற்பது நிலுவை. கேட்பைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். பணம் வந்த பிறகு எழுதினால், வந்த தொகைக்கு ஏற்பக் கேட்பும் சுருங்கிப்போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழுவில் மாதச் சேமிப்பு 200 ரூபாய். ஓர் உறுப்பினர் 12,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருக்கிறார். மாதம் 1,000 ரூபாய் அசல், மீதிக் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. இரண்டு தவணை சரியாகக் கட்டியதில் கடன் 10,000 ஆகிவிட்டது. மூன்றாம் மாதம் மகன் ஆஸ்பத்திரியில்; அவரால் வர முடியவில்லை. அந்த மாதக் கேட்பு சேமிப்பு 200, அசல் 1,000, வட்டி 100, ஆக 1,300; முழுவதும் நிலுவை. நான்காம் மாதமும் கேட்பு 1,300-தான். ஒழுங்காகக் கட்டியிருந்தால் வட்டி 90 ஆகியிருக்கும். அசல் குறையாததால் 100 ஆகவே நிற்கிறது. பழைய தவணை அட்டையைப் பார்த்து 90 என்று எழுதுவது பல குழுக்களில் நடக்கும் பிழை. நிற்கும் வட்டிக்கும் சேர்த்து வட்டி போடுவது அதைவிடப் பெரிய தவறு; கஷ்டத்தில் இருப்பவரை அது இன்னும் கீழே தள்ளும்.

நான்காம் மாதம் 2,600 தர வேண்டியவர் 1,500 கொண்டுவருகிறார். எதற்கு வரவு வைப்பது? இதைக் குழு முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வைத்திருக்க வேண்டும். சேமிப்பு, வட்டி, பிறகு அசல் என்ற வரிசையை இந்தக் குழு வைத்திருந்தால், சேமிப்புக்கு 400, வட்டிக்கு 200, அசலுக்கு 900. இப்போது அவருடைய மொத்தக் கடன் 9,100; தவணை தவறியது 1,100. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. 9,100-ஐ நிலுவை என்று வாசித்தால், இன்னும் காலம் வராத 8,000 ரூபாய்க்கும் அவர் கூட்டத்தில் தலைகுனிய வேண்டியிருக்கும்.

பதிவேடு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய நிலுவையோடு இந்த மாதக் கேட்பைக் கூட்டி, வசூலைக் கழித்தால் புதிய நிலுவை வர வேண்டும். வசூல் கட்டத்தின் மொத்தமும் அன்றைய ரொக்கப் புத்தகத்தில் உறுப்பினர்களிடமிருந்து வந்த வரவும் ஒன்றாக இருக்க வேண்டும். நிலுவையே இல்லாமல் மாதக்கணக்கில் பளிச்சென்று இருக்கும் பதிவேட்டையும் சந்தேகமாகத்தான் பார்க்க வேண்டும். குழுவின் பெயர் கெடக் கூடாது என்று ஊக்குநரே தன் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டியிருக்கலாம். வங்கிக் கடன் தவணையை யாருக்காவது பொதுப் பணத்திலிருந்து கட்ட நேர்ந்தால், அதை அந்த உறுப்பினர் பெயரிலேயே குழுவுக்குத் தர வேண்டிய பாக்கியாக எழுதிவிடுவதுதான் நேர்மை.

நினைவூட்டுவதையும் இந்தப் பதிவேட்டோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, தனியாக, தொகையைப் பிரித்துச் சொல்வது நல்லது. மேலே சொன்ன உறுப்பினருக்கு ஐந்தாம் மாதம் இப்படி:

"அக்கா, ஞாயித்துக்கிழமை கூட்டம். இந்த மாசம் சேமிப்பு 200, அசல் 1,000, வட்டி 91. போன பாக்கி 1,100. மொத்தம் 2,391 வருது. தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு? முழுசா முடியலைன்னா எவ்வளவு முடியும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. வீட்டுத் திண்ணையில் மாமியார் காதுபடச் சொல்லவும் கூடாது. கூட்டத்தில் வாசிக்கும்போது பாக்கி உள்ளவர்களை மட்டும் வாசிக்காமல், வரிசைப்படி எல்லோர் கணக்கையும் வாசிக்க வேண்டும். பதிவேட்டில் கடைசியாக இரண்டு கட்டங்கள் சேர்ப்பது என் விருப்பம்: காரணம், அவரே சொன்ன தேதி. அந்தத் தேதிக்கு முன்னால் மறுபடி கேட்பதில்லை.

தேதிகள் தொடர்ந்து தவறினால் தவணையே அவர் வருமானத்துக்குப் பொருந்தவில்லை என்று பொருள். 9,100 ரூபாயை மாதம் 500-ஆகக் குறைத்து, கூட்டத்தில் தீர்மானம் போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டால், அடுத்த மாதம் முதல் அசலுக்கான கேட்பு 500-தான். பழைய 1,100 அந்தப் புதிய தவணைகளுக்குள் அடங்கிவிடும். நிலுவைக் கட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டு, தீர்மான எண்ணைப் பக்கத்தில் குறிக்க வேண்டும்.