ஆஃப் பாயிலுக்கு எந்தத் தீ?

மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும். வெள்ளைக்கரு நன்றாக இறுகவோ 80 டிகிரி வேண்டும். ஆஃப் பாயிலின் சிக்கலே இதுதான். சிறு தீயில் மூடி வைத்தால் வெள்ளை மெத்தென்று வேகும், ஓரம் முறுகாது.

எனக்கு முறுகல்தான் பிடிக்கும். அதற்கு இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை நன்கு காயவிட்டு முட்டையை ஊற்ற வேண்டும். சடசடவென்று பொரியாவிட்டால் எண்ணெய் காயவில்லை. வெள்ளையிலுள்ள நீர் ஆவியாகி, குமிழ்களாக வெடித்து வெளியேறும். அந்தத் துளைகளே வலைப்பின்னல் ஓரமாகின்றன.

ஓரம் பொன்னிறமான பிறகும் மஞ்சளைச் சுற்றிய வெள்ளை வழவழவென்றே இருக்கும். உடனே தீயைக் குறைத்து, வாணலியைச் சற்றே சாய்த்து, தேங்கும் எண்ணெயைக் கரண்டியால் அந்த இடத்தில் மட்டும் ஊற்றுங்கள். மஞ்சள்மேல் படக்கூடாது. வெள்ளை முழுதும் பால்நிறமானதும் எடுத்துவிடலாம்.