ஒரே ஐந்து கிலோமீட்டர் நேரம், இரண்டு வேறு ஓட்டக்காரர்கள்

ஓட்டக் கிளப்களில் இன்டர்வல் பயிற்சி நாளன்று ஆட்களைக் குழு பிரிப்பதற்குப் பெரும்பாலும் ஒரே அளவுகோல்தான்: கடைசியாக ஓடிய ஐந்து கிலோமீட்டர் நேரம். 20 நிமிடம் 6 விநாடியில் ஓடி முடித்த இருவரை ஒரே குழுவில் சேர்த்து, "ஆயிரம் மீட்டர், 3:52, ஐந்து தடவை, நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு" என்று கோச் சொல்லிவிடுகிறார். முதலாமவர் கடைசி இரண்டு சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறார். இரண்டாமவரோ ஐந்தையும் முடித்துவிட்டு இன்னும் ஒன்று ஓடலாம் போலிருக்கிறது என்கிறார். இரண்டு நாள் கழித்து டெம்போ ஓட்டம், கிலோமீட்டருக்கு 4:12. இப்போது முதலாமவர் நிதானமாகப் போகிறார். இரண்டாமவருக்கு மூச்சு முட்டுகிறது.

இருவரில் யாரும் சோம்பேறி இல்லை. ஒரு போட்டி நேரத்துக்குள் இரண்டு வெவ்வேறு திறன்கள் கலந்து கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்காததுதான் சிக்கல். பிரித்துப் பார்க்கும் வழிக்கு கிரிட்டிக்கல் ஸ்பீடு என்று பெயர். இங்கே அதை வரம்பு வேகம் என்று சொல்லிக்கொள்வோம். அதற்குக் கீழே ஓடினால், தசைகள் கேட்கும் ஆக்ஸிஜன் சில நிமிடங்களில் ஒரு அளவில் நிலைத்துவிடும்; ரத்தத்தில் லாக்டேட் கொஞ்சம் ஏறினாலும் ஒரு மட்டத்தில் நிற்கும். அதற்கு மேலே ஓடினால் எதுவும் நிற்காது. ஆக்ஸிஜன் தேவை உச்சத்தைத் தொடும்வரை ஏறிக்கொண்டே போகும், அதன் பிறகு ஓட்டம் சீக்கிரமே முடிந்துவிடும்.

2008-ல் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் இதைத் தசைக்குள்ளேயே பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னார்கள். வரம்புக்குப் பத்து சதவீதம் கீழே செய்தபோது தசையின் உடனடி எரிபொருளான பாஸ்போகிரியேட்டின் ஓரளவு குறைந்து அங்கேயே நின்றது. பத்து சதவீதம் மேலே செய்தபோது அது தொடர்ந்து வடிந்துகொண்டே போய், ஆள் தாங்க முடியாமல் நிறுத்தும் இடத்தில் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. ஆக, வரம்பு வேகம் என்பது பயிற்சியாளர்கள் வசதிக்காக இழுத்த கோடு இல்லை. உடல் அந்த இடத்தில் உண்மையிலேயே வேறு விதமாக நடந்துகொள்கிறது.

வரம்புக்கு மேலே எவ்வளவு நேரம் ஓட முடியும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது எண். அதை ஆய்வாளர்கள் டி பிரைம் என்பார்கள். நாம் கையிருப்பு என்போம். இதன் அலகு மீட்டர். வரம்பு வேகத்தில் போயிருந்தால் கடந்திருக்கும் தூரத்தைவிடக் கூடுதலாக எத்தனை மீட்டர் ஓட முடியும் என்பதே கையிருப்பு. கைப்பணத்தைப் போல, மெதுவாகச் செலவழித்தாலும் சரி, ஒரேயடியாகச் செலவழித்தாலும் சரி, தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதை ஒரே வரியில் எழுதலாம்:

தூரம் = வரம்பு வேகம் × நேரம் + கையிருப்பு

இந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். 400 மீட்டர் டிராக்கும் ஸ்டாப்வாட்சும் போதும். 1200, 2400, 3600 மீட்டர் என்று மூன்று டைம் ட்ரையல்கள், மூன்றும் முழு முயற்சியோடு. கிளப் ஓட்டக்காரருக்கு இவை ஏறக்குறைய நான்கு, ஒன்பது, பதினான்கு நிமிடம் பிடிக்கும். இந்தத் தூரங்களுக்குக் காரணம் உண்டு. இரண்டு நிமிடத்துக்குக் குறைவாகவோ இருபது நிமிடத்துக்கு மிக அதிகமாகவோ ஓடினால் மேலே சொன்ன நேர்கோட்டுக் கணக்கு வளைந்துவிடும். ஒரே நாளில் அரைமணி ஓய்வு விட்டு மூன்றையும் ஓடுவோர் உண்டு. நம் ஊர் வெயிலில் மூன்றாவது ஓட்டம் எட்டு மணியைத் தொட்டுவிடும் என்பதால், இரண்டு மூன்று நாள் இடைவெளியில், அதே டிராக்கில், அதே விடியற்காலையில், அதே ஷூவோடு ஓடுவதையே நான் சொல்வேன். உள் ஓரத்து முதல் லேனில் ஓட வேண்டும். தூரத்தை ஜி.பி.எஸ். வாட்சிடம் கேட்கக் கூடாது. டிராக் வளைவுகளில் அது தடுமாறும்.

நம் முதலாமவர் 1200 மீட்டரை 4:16-லும், 2400-ஐ 9:18-லும், 3600-ஐ 14:16-லும் ஓடினார் என்று வைத்துக்கொள்வோம். விநாடியாக மாற்றினால் 256, 558, 856. முதலில் இரண்டு ஓரங்களை மட்டும் எடுப்போம். தூர வித்தியாசம் 2400 மீட்டர், நேர வித்தியாசம் 600 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 4 மீட்டர். இதுதான் அவருடைய வரம்பு வேகம்: கிலோமீட்டருக்கு 4:10, ஒரு லேப்புக்கு 1:40. அந்த வேகத்தில் 256 விநாடியில் 1024 மீட்டர்தான் போயிருப்பார். ஓடியதோ 1200. மிச்சம் 176 மீட்டர், அதுவே கையிருப்பு.

நடுவிலுள்ள 2400 எதற்கு என்றால், சரிபார்க்க. கணக்குப்படி அவர் 2400-ஐ 556 விநாடியில் முடிக்க வேண்டும். முடித்தது 558. இரண்டு விநாடி பிசகு பரவாயில்லை, மூன்று ட்ரையல்களும் நேர்மையானவை என்று நம்பலாம். மாறாக, 3600 ஓடிய நாளில் அவர் முதல் லேப்பிலேயே பாய்ந்து, பின்பாதியில் சோர்ந்து 14:31-ல் முடித்திருந்தால் என்ன ஆகும்? வரம்பு வேகம் 3.9 ஆகி, கிலோமீட்டருக்கு 4:16 என்று தாழ்ந்துவிடும். கையிருப்போ 201 மீட்டர் என்று பொய்யாக ஊதிவிடும். ஆனால் அந்தக் கணக்கு 2400-க்குச் சொல்லும் நேரம் 563 விநாடிக்கும் மேல். அவர் உண்மையில் ஓடிய 558-ஐவிட ஐந்து விநாடிக்கு மேல் அதிகம். இவ்வளவு இடைவெளி தெரிந்தால் ஏதோ ஓர் ஓர ஓட்டம் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். லேப் நேரங்களைப் பார்த்து எது என்று கண்டுபிடித்து, அதை மறுபடி ஓட வேண்டும். மூன்றாவது ட்ரையலைச் சிலர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் இந்த முறையின் உயிர் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இரண்டு ஓட்டங்களை மட்டும் வைத்தால் எந்தத் தப்பும் கண்ணில் படாது.

இப்போது இன்டர்வல் வேகத்துக்கு வருவோம். ஆயிரம் மீட்டரை 3:52-ல், அதாவது 232 விநாடியில் ஓடினால், வரம்பு வேகப்படி 928 மீட்டர். கூடுதலாகப் போன 72 மீட்டர் கையிருப்பிலிருந்து போகிறது. அவருடைய 176-ல் இது சுமார் நாற்பது சதவீதம். ஐந்து சுற்றுக்கு 360 மீட்டர் வேண்டும், இருப்பது அதில் பாதிகூட இல்லை. மீதி, நடுவில் விடும் ஓய்வில் திரும்பி வர வேண்டும்.

எவ்வளவு வரும்? முழுக்கக் களைத்த சைக்கிள் ஓட்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இரண்டு நிமிடத்தில் 37 சதவீதமும் ஆறு நிமிடத்தில் 65 சதவீதமும் பதினைந்து நிமிடத்தில் 86 சதவீதமும் திரும்பியது. மூன்று நிமிட ஓய்வில் காலியானதில் 45 சதவீதம் வரும் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் சுற்று முடிந்ததும் கையில் 104 மீட்டர், ஓய்வுக்குப் பிறகு 136. இரண்டாவது முடிந்ததும் 64, பிறகு 114. இப்படியே போய் ஐந்தாவது முடியும்போது மிஞ்சுவது சுமார் 24 மீட்டர். கடினமான பயிற்சி, ஆனால் முடித்துவிடலாம். அதையே 3:44-ல் ஓடினால் ஒவ்வொரு சுற்றும் 104 மீட்டரைத் தின்னும். இரண்டாவது முடியும்போதே கையில் 15 மீட்டர்தான். ஓய்வுக்குப் பிறகு 87, மூன்றாவதற்குத் தேவையோ 104. அந்தச் சுற்றின் கடைசி 200 மீட்டரில் கால் கட்டிப்போய்விடும். கிலோமீட்டருக்கு எட்டு விநாடி வித்தியாசம், ஒரு முழுப் பயிற்சியையும் பாழாக்கிவிடுகிறது.

இரண்டாமவருக்கு இதே ட்ரையல்களில் வரம்பு வேகம் 3.92, கையிருப்பு 272 மீட்டர் என்று வந்தது என்போம். ஐந்து கிலோமீட்டருக்கு இரண்டு கணக்குகளும் 20:06-ஐத்தான் காட்டும், போட்டுப் பாருங்கள். ஆனால் 3:52-ல் ஒரு ஆயிரம் அவர் கையிருப்பில் 91 மீட்டரை, அதாவது மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது. அதே நேரத்தில் அவருடைய வரம்பு கிலோமீட்டருக்கு 4:15. எனவே 4:12 டெம்போ முதலாமவருக்கு வரம்புக்குள். இவருக்கு வரம்புக்கு வெளியே. இவருடைய டெம்போவை 4:20-க்கு இறக்கி, ஆயிரத்தை 3:47-க்கு ஏற்றினால் இரண்டு பயிற்சிகளும் அவற்றுக்குரிய வேலையைச் செய்யும். பொதுவாக டெம்போவை வரம்புக்கு இரண்டு மூன்று சதவீதம் கீழே வைப்பது நல்லது, கணக்கிலுள்ள சிறு பிசகு நம்மைத் தெரியாமல் வரம்பைத் தாண்டவைக்காது. அடுத்து வேறு தூரத்துக்கும் வேகம் வேண்டுமானால், சுற்றின் தூரத்திலிருந்து கையிருப்பின் நாற்பது சதவீதத்தைக் கழித்து, வரம்பு வேகத்தால் வகுக்க வேண்டியதுதான். முதலாமவருக்கு 800 மீட்டர் என்றால் 730-ஐ 4-ஆல் வகுத்து, சுமார் 3:02.

சைக்கிளில் கிடைத்த மீட்சிக் கணக்கு ஓட்டத்துக்கு அப்படியே பொருந்தாது, ஆளுக்கு ஆள் மாறவும் மாறும். ஓய்வில் வேகமாக ஜாக் செய்தால் குறைவாகத் திரும்பும், நடந்தால் அதிகம். ஆகவே முதல் பயிற்சியே உண்மையான தேர்வு. நான்காவது சுற்று முதலாவதைவிட மூன்று நான்கு விநாடி தாமதமானால், அடுத்த வாரம் வேகத்தைத் தொடாமல் ஓய்வை ஒரு நிமிடம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மாரத்தானுக்கு இந்தச் சமன்பாட்டைப் போடவே கூடாது. போட்டால் முதலாமவர் 2:55-ல் முடிப்பார் என்று வரும். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சித் தரவுகளிலிருந்து பல்லாயிரம் சாதாரண ஓட்டக்காரர்களின் வரம்பு வேகத்தைக் கணக்கிட்டபோது, அவர்கள் மாரத்தானைச் சராசரியாக அதன் 85 சதவீதத்தில் ஓடியது தெரிந்தது. அப்படிப் பார்த்தால் இவருக்குக் கிலோமீட்டருக்கு 4:55-க்குப் பக்கத்தில், மொத்தம் மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ட்ரையல்களைத் திரும்ப ஓடவேண்டும், கூடுமானவரை அதே போன்ற வானிலையில். மே மாதத்தில் எடுத்த நீண்ட ட்ரையலை டிசம்பரோடு ஒப்பிட்டால், முன்னேற்றமா குளிர்ச்சியா என்று சொல்ல முடியாது. முதலாமவர் எட்டு வாரத்தில் 1200-ஐ 4:15-லும் 3600-ஐ 14:03-லும் ஓடினார் என்றால், குறுகிய ஓட்டத்தில் ஒரே ஒரு விநாடிதான் முன்னேற்றம். ஆனால் வரம்பு வேகம் 4.08 ஆகி, கிலோமீட்டருக்கு 4:05 வந்துவிட்டது. கையிருப்பு 160-ஆகக் குறைந்திருக்கிறது. இனி அவருடைய ஆயிரம் மீட்டர் 3:49. டெம்போ 4:10-க்கும் 4:13-க்கும் இடையில். நடுவிலுள்ள 2400 சுமார் 9:09-ல் வந்தால் இந்த எண்களை நம்பி அடுத்த அட்டவணையைப் போடலாம்.