எடைக்குப் பிறகு எஞ்சின் என்ன சொல்கிறது?

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் ‘மோட்டார் டிரெண்ட்’ இதழில் வெளியான சோதனை விவரங்களில் 32 கார்களின் கணக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டிருந்த காலம் அது. லிங்கன் கான்டினென்டல் என்ற 5,424 பவுண்டு எடையுள்ள கார் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 10.4 மைல்தான் ஓடியது. 1,835 பவுண்டு எடையுள்ள டொயோட்டா கொரோலா 33.9 மைல் ஓடியது. இந்த 32 கார்களின் விவரம் R என்ற புள்ளியியல் மென்பொருளோடு mtcars என்ற பெயரில் இலவசமாகவே வருகிறது. புள்ளியியல் கற்கும் மாணவர்களில் இதைத் தொடாதவர்கள் குறைவு.

கனமான வண்டிக்கு மைலேஜ் குறையும் என்பதைச் சொல்ல மென்பொருள் வேண்டாம். கேள்வி அடுத்த படியில் இருக்கிறது. எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், எஞ்சினின் வேகத்தையும் வலுவையும் காட்டும் அளவுகள் மைலேஜைப் பற்றிப் புதிதாக ஏதாவது சொல்கின்றனவா? அல்லது எடை சொன்னதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்கின்றனவா?

இப்படிப்பட்ட கேள்விக்கென்றே இருப்பது படிநிலை ரிக்ரெஷன். பாடநூல்கள் ரிக்ரெஷனைத் தொடர்புப் போக்கு என்று சொல்லும். காரணிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சமன்பாட்டுக்குள் கொட்டாமல், ஆய்வாளர் முன்கூட்டியே தீர்மானித்த வரிசையில், பிளாக் பிளாக்காக உள்ளே விடுவதுதான் முறை. ஒவ்வொரு பிளாக் நுழைந்ததும் விளக்கம் எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டும். வரிசையை மென்பொருளே தேர்ந்தெடுக்கும் ‘ஸ்டெப்வைஸ்’ முறை வேறு. பள்ளி, வகுப்பு, மாணவர் என்று அடுக்கடுக்கான தரவுகளுக்கான பல்நிலை மாதிரியும் வேறு. அதற்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இதே பெயரை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். ஆய்வேடுகளில் இரண்டும் குழம்புவது அதனால்தான்.

கார்களுக்கு வருவோம். 32 கார்களின் சராசரி மைலேஜ் சுமார் 20.1. வேறெதுவும் தெரியாத ஒருவர் ஒவ்வொரு காருக்கும் 20.1 என்றே ஊகித்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிழைப்பார். அந்தப் பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1126 வருகிறது. எடையை மட்டும் வைத்து ஒரு கோடு போட்டு ஊகித்தால் கூட்டுத்தொகை 278 ஆகக் குறைகிறது. நான்கில் மூன்று பங்கு பிழை மறைந்துவிட்டது. அந்தப் பங்குதான் R², இங்கே 0.753. இது முதல் பிளாக்.

இரண்டாம் பிளாக்கில் இரண்டு அளவுகள்: குதிரைத்திறன், நின்ற நிலையிலிருந்து கால் மைல் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம். இவையும் சேர்ந்ததும் பிழை 186க்கு இறங்குகிறது, R² 0.835 ஆகிறது. கூடியது 0.082. ஆய்வறிக்கைகளில் இதை ΔR² என்று எழுதுவார்கள்.

எட்டு சதவீதம் கூடியதே, எஞ்சினும் முக்கியம் என்று இங்கேயே முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சமன்பாட்டுக்குள் எதைப் போட்டாலும் R² இறங்காது. ஓட்டுநரின் சட்டை நிறத்தைப் போட்டாலும் துளியாவது ஏறும். தரவில் தற்செயலாக இருக்கும் மேடு பள்ளங்களோடு எந்த எண்ணும் கொஞ்சம் ஒத்துப்போகத்தான் செய்யும். ஆகவே, கூடியது தற்செயலாகக் கூடக்கூடிய அளவைவிட அதிகமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு F சோதனை:

```
F = (ΔR² / m) / ((1 − R²) / (n − k − 1))
```

இதில் m என்பது புதிய பிளாக்கில் எத்தனை காரணிகள் என்பது, இங்கே 2. R² என்பது பெரிய சமன்பாட்டின் R². n என்பது 32, k என்பது மொத்தக் காரணிகள் 3. மேலே 0.082ஐ இரண்டால் வகுத்தால் 0.041: புதிதாக வந்த ஒவ்வொரு காரணியும் சராசரியாகக் கொண்டுவந்த விளக்கம். கீழே, இன்னும் விளக்கப்படாமல் கிடக்கும் 0.165ஐ 28ஆல் வகுத்தால் 0.0059: வெறும் தற்செயலால் ஒரு காரணிக்குக் கிடைக்கக்கூடிய விளக்கம். முதலாவது இரண்டாவதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. தசமங்களைச் சுருக்காமல் கணக்கிட்டால் 6.94. இந்த அளவு தரவுக்கு 3.34ஐத் தாண்டினாலே ஐந்து சதவீத அளவில் பொருளுடையது என்பார்கள். p மதிப்பு 0.004.

R-இல் இதற்கு மூன்று வரி போதும்.

```
m1 <- lm(mpg ~ wt, data = mtcars)
m2 <- lm(mpg ~ wt + hp + qsec, data = mtcars)
anova(m1, m2)
```

SPSS பயன்படுத்துபவர்கள் Next பொத்தானை அழுத்தி இரண்டாம் பிளாக்கைத் திறந்து, Statistics பெட்டியில் R squared change என்பதற்கு டிக் போட வேண்டும். போட மறந்தால் தேவையான எண் வெளியீட்டில் வராது. ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் ஒரு பிழை இங்கிருந்துதான் கிளம்புகிறது. இரண்டாம் படியின் மொத்தச் சமன்பாட்டுக்கான F எண் கண்ணெதிரே இருக்கும்: F(3, 28) = 47.15. அதை எடுத்து, இரண்டாம் பிளாக் பிரமாதமாக வேலை செய்தது என்று எழுதிவிடுவார்கள். அந்த 47இல் பெரும்பங்கு எடை சம்பாதித்துக் கொடுத்தது. புதிய பிளாக்குக்கு உரியது 6.94 மட்டும். கண்டுபிடிப்பது எளிது: அடைப்புக்குள் முதலில் இருக்கும் எண் புதிய பிளாக்கின் காரணிகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். இரண்டு காரணிகளைச் சேர்த்துவிட்டு 3 என்று எழுதியிருந்தால், எழுதியவர் வேறு எதையோ சோதித்திருக்கிறார்.

அடுத்து வருவதுதான் இந்தக் கார்களின் கதையில் சுவையான இடம். இரண்டாம் படிச் சமன்பாட்டில் ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே பார்த்தால், குதிரைத்திறனின் p மதிப்பு 0.244; கால் மைல் நேரத்தின் p மதிப்பு 0.255. இரண்டுமே தேறவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்த பிளாக் 0.004 என்ற மதிப்போடு தேறிவிட்டது. கணக்கில் பிழை ஏதுமில்லை. வலுவான எஞ்சின் உள்ள கார் கால் மைலைச் சீக்கிரம் கடக்கும். ஆகவே இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பிணைந்தவை, ஒட்டுறவு −0.71. தனிக் காரணிக்கான சோதனை கேட்பது, மற்றதெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது நீ மட்டும் கூடுதலாக என்ன கொண்டுவந்தாய் என்று. ஒரே செய்தியைக் கொண்டுவந்த இருவரைத் தனித்தனியே அப்படி விசாரித்தால் இருவரும் கையை விரிப்பார்கள். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரைக் கேட்டால் நிலைமை மாறும்: எடையோடு குதிரைத்திறனை மட்டும் சேர்த்தாலும், கால் மைல் நேரத்தை மட்டும் சேர்த்தாலும் p மதிப்பு 0.002க்குக் கீழேதான்.

எனவே ‘எஞ்சின் அளவுகள் எதுவும் பொருளுடையதாக இல்லை’ என்று தனித்தனி வரிகளைப் பார்த்து எழுதுவது தவறு. ‘இரண்டும் பொருளுடையவை’ என்று பிளாக்கைக் காட்டி எழுதுவதும் தவறு. இரண்டும் சேர்ந்து ஏதோ சேர்க்கின்றன, எது எவ்வளவு என்று இந்த 32 கார்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்லலாம் என்றால் இவ்வளவுதான்.

வரிசையை மாற்றினால்? எஞ்சின் அளவுகள் முதலில் நுழைந்தால் அவை மட்டும் 0.637ஐ விளக்குகின்றன; பின்னால் வரும் எடை சேர்ப்பது 0.198. முன்பு தனியாக 0.753ஐ விளக்கிய அதே எடை! இறுதி R² மட்டும் எந்த வரிசையிலும் 0.835தான். பெரிய கார்களுக்குப் பெரிய எஞ்சின் வைக்கிறார்கள். அதனால் ஏறத்தாழ 0.555 அளவு விளக்கம் இரு பிளாக்குக்கும் பொதுச் சொத்து. முதலில் வருபவர் அதை முழுதாக எடுத்துக்கொள்கிறார். இதனால்தான் ஏன் இந்த வரிசை என்ற காரணத்தை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. கேள்வி ‘எடைக்குப் பிறகு எஞ்சின்’ என்றால் எடை முதலில் வரும். இரண்டு வரிசையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அழகானதை அச்சிடுவது ஆய்வில் சேராது.

எல்லாம் சேர்ந்து அறிக்கையில் இடம்பெறும் வாசகம் இப்படி அமையலாம்: “முதல் படியில் காரின் எடை மைலேஜின் வேறுபாட்டில் 75 சதவீதத்தை விளக்கியது, R² = 0.753, F(1, 30) = 91.38, p < 0.001. இரண்டாம் படியில் குதிரைத்திறனும் கால் மைல் நேரமும் சேர்ந்து மேலும் 8 சதவீதத்தை விளக்கின, ΔR² = 0.082, F(2, 28) = 6.94, p = 0.004.” கூடவே ஒரு வரி இருந்தால் வாசகருக்கு உதவி: ஊகத்தின் வழக்கமான பிழை கேலனுக்கு சுமார் 3.0 மைலிலிருந்து 2.6 மைலாகக் குறைந்தது. எட்டு சதவீதம் என்பதைவிட இது கையில் பிடிபடுகிறது. சாலையில் ஓடிய எல்லாக் கார்களிலிருந்தும் குலுக்கி எடுத்த 32 அல்ல இவை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

mtcars-இல் விடுபட்ட எண்கள் இல்லை. நிஜத் தரவுகளில் இருக்கும், அப்போது ஒரு பொறி காத்திருக்கும். R-உடன் வரும் இன்னொரு தரவு airquality, 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கின் 153 நாட்களின் காற்று விவரம். ஓசோன் அளவைக் காற்றின் வேகம், வெப்பம் இரண்டையும் கொண்டு விளக்கினால் R² 0.569. அடுத்து சூரியக் கதிர்வீச்சைச் சேர்த்தால் 0.606. வித்தியாசம் 0.037 என்று தோன்றும். ஆனால் முதல் சமன்பாடு 116 நாட்களில் ஓடியது, இரண்டாவது 111 நாட்களில். கதிர்வீச்சு பதிவாகாத ஐந்து நாட்கள் சத்தமில்லாமல் கழன்றுவிட்டன. இரு வேறு கூட்டங்களின் எண்களைக் கழித்தால் வருவது விளக்கத்தின் உயர்வு அல்ல. R-இல் இந்த இரண்டையும் `anova`வுக்குக் கொடுத்தால் `models were not all fitted to the same size of dataset` என்று சொல்லி நின்றுவிடும். கையால் கழிப்பவரை யாரும் தடுக்க மாட்டார்கள். அதே 111 நாட்களில் முதல் சமன்பாட்டையும் மறுபடி ஓட்டினால் R² 0.581 ஆகிறது. கதிர்வீச்சு உண்மையில் சேர்த்தது 0.025 மட்டும், F(1, 107) = 6.66, p = 0.011.