இரண்டையும் எடுத்தவரும் இரண்டை மட்டும் எடுத்தவரும்

கணங்களின் சேர்ப்பும் வெட்டும் சென்ற பகுதியில் வரையறுக்கப்பட்டன. அவ்வரையறைகள் எண்ணிக்கையோடு சேரும்போது எழும் கணக்குகளுள் பள்ளி, கல்லூரி வினாத்தாள்களில் அடிக்கடி காணப்படுவது, மாணவர்கள் தேர்ந்தெடுத்த பாடங்களைப் பற்றியதாகும். ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் 120 பேருக்குப் பொருளியல், உளவியல், கணினி அறிவியல் என்ற மூன்று விருப்பப் பாடங்கள் தரப்படுகின்றன என்றும், அவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ எடுக்கலாம், எதையும் எடுக்காமலும் இருக்கலாம் என்றும் கொள்வோம். பொருளியலை 62 பேரும், உளவியலை 48 பேரும், கணினி அறிவியலை 55 பேரும் எடுத்துள்ளனர். பொருளியலையும் உளவியலையும் எடுத்தவர்கள் 22 பேர். உளவியலையும் கணினி அறிவியலையும் எடுத்தவர்கள் 18 பேர். பொருளியலையும் கணினி அறிவியலையும் எடுத்தவர்கள் 25 பேர். மூன்றையும் எடுத்தவர்கள் 8 பேர். எப்பாடத்தையும் எடுக்காதவர்கள் எத்தனை பேர் என்பதே வினா.

மூன்று பாடங்களின் பெயர்ப்பட்டியல்களையும் அப்படியே கூட்டினால் 62 + 48 + 55 = 165 என்று வருகிறது. மாணவர்களே 120 பேர்தான் என்பதால், இந்த 165 ஆட்களின் எண்ணிக்கை அன்று, பட்டியல்களில் உள்ள பெயர்ப்பதிவுகளின் எண்ணிக்கை என்பது தெளிவு. ஒரு பாடம் மட்டும் எடுத்தவர் இதில் ஒருமுறையும், இரண்டு பாடங்கள் எடுத்தவர் இருமுறையும், மூன்றும் எடுத்தவர் மும்முறையும் எண்ணப்பட்டிருக்கிறார். மிகையாக எண்ணப்பட்டதைச் சரிசெய்ய, இரண்டிரண்டு பாடங்களின் வெட்டுக் கணங்களைக் கழிக்க வேண்டும்: 22 + 18 + 25 = 65. இப்போது இரண்டு பாடங்கள் எடுத்தவர் ஒருமுறை நீக்கப்பட்டு, உரியபடி ஒருமுறை மட்டும் எண்ணப்பட்டவராகிறார். ஆனால் மூன்றும் எடுத்தவர் அந்த மூன்று வெட்டுக் கணங்களிலும் இடம்பெற்றிருப்பதால் மும்முறை நீக்கப்படுகிறார். மும்முறை சேர்க்கப்பட்டு மும்முறை நீக்கப்பட்ட அவர் கணக்கிலேயே இல்லாதவராகிவிடுகிறார். அவரை மீண்டும் ஒருமுறை சேர்ப்பதே கடைசிப் படி. சேர்த்து நீக்கும் விதி எனப்படும் வாய்பாடு இவ்வளவுதான்:

n(A∪B∪C) = n(A) + n(B) + n(C) − n(A∩B) − n(B∩C) − n(A∩C) + n(A∩B∩C)

இதன்படி 165 − 65 + 8 = 108 பேர் குறைந்தது ஒரு பாடமேனும் எடுத்தவர்கள்; எஞ்சிய 12 பேர் எதையும் எடுக்காதவர்கள்.

இதே கணக்கை வென்படத்தில் நிரப்பும்போது வெளியிலிருந்து உள்ளே செல்லாமல், மூன்று வட்டங்களும் சந்திக்கும் நடுப்பகுதியிலிருந்து வெளியே வர வேண்டும். நடுவில் 8 என்று எழுதியபின், பொருளியலும் உளவியலும் மட்டும் எடுத்தவர்கள் 22 − 8 = 14 பேர் என்றும், உளவியலும் கணினி அறிவியலும் மட்டும் எடுத்தவர்கள் 10 பேர் என்றும், பொருளியலும் கணினி அறிவியலும் மட்டும் எடுத்தவர்கள் 17 பேர் என்றும் கிடைக்கின்றன. பொருளியல் வட்டத்தின் 62 பேரில் 14, 17, 8 ஆகியவை போக 23 பேர் பொருளியல் மட்டும் எடுத்தவர்கள். இவ்வாறே உளவியல் மட்டும் எடுத்தவர்கள் 16 பேர், கணினி அறிவியல் மட்டும் எடுத்தவர்கள் 20 பேர். இந்த ஏழு பகுதிகளையும் கூட்டினால் மீண்டும் 108 வருகிறது.

மாணவர் பெரும்பாலோர் தவறுவது வாய்பாட்டில் அன்று, வினாவை வாசிப்பதில். ‘பொருளியலையும் உளவியலையும் எடுத்தவர்கள் 22 பேர்’ என்ற தொடர் மூன்றாம் பாடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே மூன்றையும் எடுத்த 8 பேரும் அந்த 22 பேருக்குள் அடங்குவர். ‘மட்டும்’ என்ற சொல் வினாவில் இல்லாதபோது அதைத் தாமாகக் கூட்டிக்கொண்டு, 22, 18, 25 ஆகியவற்றை நேரே இரட்டைப் பகுதிகளில் எழுதுவோருக்குப் பொருளியல் மட்டும் 7 பேர், உளவியல் மட்டும் ஒருவரும் இல்லை, கணினி அறிவியல் மட்டும் 4 பேர் என்று வரும். மொத்தம் 84 என்றும், எதையும் எடுக்காதவர்கள் 36 பேர் என்றும் விடை முடியும். சரியான விடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 24. நடுப்பகுதியின் 8 பேரை மும்மடங்காக்கியதற்குச் சமமான இந்த வேறுபாடு, இப்பிழை நேரும் எல்லாக் கணக்கிலும் அதே மும்மடங்காகவே அமையும். இங்குக் கவலை தருவது, தவறான இவ்விடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பதே: எப்பகுதியிலும் குறை எண் வரவில்லை, உளவியல் வட்டத்தில் பூச்சியம் வந்ததும் நடக்கக்கூடியதாகவே தோன்றுகிறது. நடுவில் 8-க்குப் பதில் 9 பேர் இருந்திருந்தால் அதே தவறான வாசிப்பில் உளவியல் மட்டும் எடுத்தவர்கள் −1 என்று வந்து, பிழை உடனே வெளிப்பட்டிருக்கும். ஆகவே குறை எண் வந்தால் வாசிப்போ தரவோ தவறு என்பது உறுதி. வராததனாலேயே வாசிப்பு சரியென்று ஆகிவிடாது.

மூன்றையும் எடுத்தவர்களின் எண்ணிக்கை வினாவில் தரப்படாவிட்டால் என்ன சொல்ல முடியும் என்பது பாடநூல்கள் போதிய இடம் தராத, ஆனால் மிகவும் பயனுள்ள கேள்வி. அவ்வெண்ணை x எனக் கொண்டால், ஏதேனும் ஒரு பாடம் எடுத்தவர்கள் 100 + x பேர், எதையும் எடுக்காதவர்கள் 20 − x பேர். மூன்றையும் எடுத்தவர் ஒவ்வோர் இரட்டை வெட்டிலும் இருந்தாக வேண்டுமாதலால், அவ்வெட்டுகளுள் மிகச் சிறியதான 18-ஐ x தாண்ட முடியாது. x பூச்சியமானாலும் ஒற்றைப் பகுதிகளில் முறையே 15, 8, 12 பேர் எஞ்சுவதால் கீழெல்லைக்குத் தடையில்லை. எனவே எதையும் எடுக்காதவர்கள் குறைந்தது 2 பேர், அதிகம் போனால் 20 பேர். தரப்பட்ட எண்களால் இதற்கு மேல் துல்லியமாக எதுவும் சொல்ல இயலாது. ஆனால் இதே உறவைத் திருப்பிப் பயன்படுத்தலாம். எப்பட்டியலிலும் பெயரில்லாதவர்கள் 12 பேர் என்று வருகைப்பதிவேட்டிலிருந்து தெரிந்தாலே போதும், பட்டியல்களை ஒப்பிடாமலே மூன்றையும் எடுத்தவர்கள் 8 பேர் என்று முடிவு செய்யலாம்.

பாடங்கள் நான்கானால் படத்துக்கும் விதிக்கும் இடையே ஒரு வேற்றுமை தோன்றுகிறது. நான்கு கணங்களுக்கு, வெளிப்பகுதியையும் சேர்த்து, 16 பகுதிகள் வேண்டும். நான்கு வட்டங்களை எப்படி வரைந்தாலும் தளம் 14 பகுதிகளுக்கு மேல் பிரியாது. ஜான் வென் 1880-இல் தம் படமுறையை வெளியிட்டபோதே இதை உணர்ந்து, நான்கு கணங்களுக்கு வட்டங்களை விடுத்து நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். விதிக்கோ இத்தகைய தடை இல்லை. ஆபிரகாம் டி மாய்வர் 1718-இல் வெளியிட்ட நிகழ்தகவு நூலிலேயே அது கையாளப்பட்டிருப்பதால், படத்தைவிட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மூத்ததும் அதுவே. நான்கு பாடங்களையும் எடுத்த ஒருவர் தனிக் கணங்களில் 4 முறை சேர்க்கப்படுகிறார், இரட்டை வெட்டுகளில் 6 முறை நீக்கப்படுகிறார், மும்மை வெட்டுகளில் 4 முறை சேர்க்கப்படுகிறார்; 4 − 6 + 4 = 2 என்று இருமுறை எண்ணப்பட்டு நிற்கும் அவரை, நான்கும் சந்திக்கும் வெட்டை ஒருமுறை கழித்து ஒருமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் மூன்று பாடங்களில் கூட்டலாக இருந்த கடைசி உறுப்பு நான்கு பாடங்களில் கழித்தலாக மாறுகிறது.