ஏழு வருடங்களுக்குப் பிறகு ஒரு ‘வணக்கம்ண்ணே’

நீண்ட நாள் பேசாத ஒருவரிடமிருந்து, “ஹாய், எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? எனக்குக் காப்புறுதி. அடுத்து நேரடி விற்பனை. நல்ல நாளாக இருந்தால் கல்யாண அழைப்பு.

போன மாதம் அதே ‘ஹாய்’யை நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் என் முதல் வானொலி வேலையில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் ‘ப’ ஒவ்வொன்றும் மைக்கில் வெடிப்பதைக் கேட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லிக் கொடுத்தவர். வேலை மாறிப் போனார். அதன் பிறகு ஏழு வருடம் பேச்சில்லை. இடையில் அவருடைய அம்மா தவறிவிட்டார். ஃபேஸ்புக்கில் பார்த்தேன், ஓர் அழுமூஞ்சிப் படத்தை அழுத்தினேன், அவ்வளவுதான். போகவில்லை, கூப்பிடவுமில்லை.

இப்போது அவர் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாக ஒலிப்பதிவு சொல்லித் தருகிறார். அதே மாதிரி வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று எனக்கு யோசனை. உள்ளே இருப்பவரிடம் கேட்டால்தானே தெரியும்?

முதலில் எழுதியது இது: “வணக்கம்ண்ணே, நலமா? ரொம்ப நாளாச்சு. ஒருநாள் தே தாரிக் குடிக்கலாமா?” என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, காப்புறுதி விக்கப் போறியா?” என்றார்.

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அண்ணன் சாலை நெரிசலில் கிளம்பி வந்து, இரண்டாவது கோப்பையின் போதுதான் நான் எதற்கு அழைத்தேன் என்று கண்டுபிடிப்பார். காரியம் இருப்பது குற்றமில்லை. அதை நலம் விசாரிப்புக்குள் ஒளித்து வைப்பதுதான் கசக்கிறது. இன்று ‘நலமா’, நாளை மறுநாள் ‘ஒரு உதவி’ என்று பிரித்து அனுப்புவது அதைவிட மோசம். முதல் செய்தியும் பொய்யாகிவிடும்.

அம்மா விஷயம்தான் என்னைக் கஷ்டப்படுத்தியது. வேலை கேட்கும் செய்தியிலேயே துக்கம் விசாரித்தால், துக்கம் வாசல் மிதியடி மாதிரி ஆகிவிடாதா? தனியாக அனுப்பிவிட்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டால், அது திட்டம் போட்டது மாதிரி இருக்கும். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்:

“வணக்கம்ண்ணே. மைக்கைத் திருப்பும்போதெல்லாம் உங்க ஞாபகம் வரும். அம்மா தவறினப்போ வராம இருந்தது என் தப்பு. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னுதான் இன்னைக்கு நம்பரை எடுத்தேன், அதை மறைக்கல. ஆனா அம்மா விஷயம் அதுக்காகச் சொன்னது இல்ல. பகுதிநேர வகுப்புல பாடம் தயார் பண்ண, தாள் திருத்த எவ்வளவு நேரம் ஆகுது? பதினைஞ்சு நிமிஷம் போதும். முடியலன்னா விட்டுடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

மன்னிப்பு ஒரே வரிதான். நீட்டினால் அவர் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும். கேள்வியும் சிறியது. “எனக்காகச் சொல்லி வையுங்க” என்று கேட்டிருந்தால், ஏழு வருடம் என்னைப் பார்க்காதவர் தன் பெயரை அடகு வைக்க வேண்டியிருக்கும். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வதாகவும் முடிவு செய்திருந்தேன்.

இந்தத் தயக்கம் எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. 2011-இல் டேனியல் லெவின் உள்ளிட்ட மூவர் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருக்கும் நிர்வாகிகளைத் தொடர்பு விட்டுப்போனவர்களிடம் ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். தினமும் பழகுபவர்களிடம் கிடைக்காத புதிய தகவல் அவர்களிடம் கிடைத்தது, பழைய நம்பிக்கையும் அப்படியே இருந்தது. அங்கே ஒரு நம்பிக்கை முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் என்பதற்காக மட்டும், அல்லது சண்டை போட்டுப் பிரிந்தவருக்கு, இப்படி எழுத எனக்குத் துணிவில்லை.

மறுநாள் இரவு அண்ணனிடமிருந்து குரல் பதிவு வந்தது. ஆறு நிமிடம். அதில் நான்கு நிமிடம் அம்மாவைப் பற்றி. கடைசியாக, “நானும்தான் உன்னைக் கூப்பிடல” என்றார். மீதி இரண்டு நிமிடத்தில் கேட்டதற்குப் பதில்: ஒரு மணி நேர வகுப்புக்கு அதற்கு மேல் இரண்டு மணி நேர வேலை, முதல் பருவத்தில் அதைவிடக் கூடுதல். காலை நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா என்று நன்றாக யோசிக்கச் சொன்னார். “காரில் கேட்கிறேன், ‘ப’ இன்னும் சில நாள் வெடிக்குது” என்றும் சொன்னார்.

இந்தப் பருவத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. அதை அண்ணன் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட வேண்டும். உதவி வாங்கிக்கொண்டு மறுபடியும் காணாமல் போனால் பழைய கதைதான். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், இந்த முறை கேட்க ஒன்றுமில்லை.