ஒரு லட்சத்தை எப்படிப் பிரிப்பீர்கள்?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களிடம் ஒரு கேஸைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வதுண்டு. மாதிரிக்கு ஒன்று: கோவையில் ஒரு பலகாரக் கடை. தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரம் ஆன்லைன் விளம்பரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். எப்படிச் செலவழிப்பீர்கள்?

விவரம் தெரிந்தவர் உடனே பங்கு பிரிக்க மாட்டார். ஓர் ஆர்டரில் கடைக்கு என்ன நிற்கும் என்று கேட்பார். பில் 800 ரூபாய், சரக்கு, பேக்கிங், கூரியர் போக 320 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டரைப் பிடிக்க அதற்கு மேல் செலவானால் கைநஷ்டம்.

இனி பிரிக்கலாம். கூகுளில் பலகாரம் தேடுகிறவர்களுக்கு 25,000. தளத்துக்கு வந்தும் வாங்காமல் போனவர்களைத் திரும்ப அழைக்க 15,000. கடையையே அறியாதவர்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 60,000.

இந்த 60,000-இல்தான் பலர் சறுக்குகிறார்கள். இல்லத்தரசிகள், ஐடி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று ஐந்தாறு கூட்டமாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரம் சுமார் 50 விற்பனையாவது கிடைத்தால்தான் யாரிடம் காட்டுவது என்பதை மெட்டாவின் கணினி சரியாகப் பிடித்துக்கொள்ளும். ஆர்டருக்கு 300 ரூபாய் என்றால் 50 ஆர்டருக்கு 15,000. நம் கையில் வாரத்துக்கு இருப்பதே அவ்வளவுதான். ஆகவே ஒரே தொகுப்பு. கூரியர் போகும் ஊர்கள் மட்டும். பழைய வாடிக்கையாளர்களின் போன் பட்டியலைக் கொடுத்து அவர்களை விலக்கிவிட வேண்டும்.

மாதம் முடிந்தது. மெட்டா 270 ஆர்டர் என்கிறது, கூகுள் 130 என்கிறது. ஆர்டருக்கு 250 ரூபாய், லாபம்! ஆனால் கடையின் பில்புத்தகத்தில் மொத்த ஆன்லைன் ஆர்டரே 290. ஆர்டருக்குச் சுமார் 345 ரூபாய், நஷ்டம். யாரும் பொய் சொல்லவில்லை. விளம்பரத்தைச் சொடுக்கி 7 நாளுக்குள், அல்லது பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினால் மெட்டா வழக்கமாக அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அதே ஆள் கூகுள் விளம்பரத்தையும் சொடுக்கியிருந்தால் கூகுளும் எழுதிக்கொள்ளும்.

அந்த 290-லும் விளம்பரமே இல்லாமல் வந்திருக்கக்கூடியவை எத்தனை? கடையின் பெயரையே தேடி வருகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரம் எப்போதும் அமோகமாக விற்றதாகத் தெரியும். 2012-இல் ஈபே நிறுவனம் அமெரிக்காவில் யாஹூ, எம்எஸ்என் தேடலில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. குறைந்த சொடுக்குகளில் 99.5 சதவீதம் காசில்லாத தேடல் முடிவுகள் வழியாகவே திரும்பி வந்துவிட்டன. ஈபே ஊரறிந்த பெயர். சிறு கடையின் பெயருக்குப் போட்டிக்காரர் விளம்பரம் போட்டால் கதை மாறலாம். அதனால் சில ஊர்களில் மட்டும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மற்ற ஊர்களின் பில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. அதைத் தீபாவளிக்கு முன்பல்ல, விற்பனை சீராக ஓடும் மாதத்தில் செய்ய வேண்டும்.