வறண்ட கன்னம், வழியும் நெற்றி: முகத்துக்கு எண்ணெய் எப்போது தேவை, எப்போது தொல்லை?

மனிதத் தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களால் ஆன ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. முகத்தில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். செல்கள் செங்கல்லாகவும், அவற்றுக்கு இடையே உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்தாகவும் அமைந்த சுவர் அது. உடலுக்குள் இருக்கும் நீர் இந்தச் சுவர் வழியாக எப்போதும் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். சாந்து நன்றாக இருந்தால் இழப்பு குறைவு. சாந்து கரைந்துபோனால் இழப்பு கூடும். அப்போது செல்கள் விறைத்து, ஓரங்கள் மேலே எழும்பி, வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கும். முகம் கழுவியதும் கன்னம் சுண்டி இழுப்பதுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

ஆகவே வறட்சி என்பது அடிப்படையில் நீர்ப் பற்றாக்குறை. 1952-இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் இதைத் தெளிவாகக் காட்டினார். காய்ந்து கெட்டியான தோல் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தபோது அவை விறைப்பாகவே இருந்தன. நீர் கிடைத்ததும் இளகி வளைந்தன. எண்ணெயில் நீரே கிடையாது. தேன்மெழுகு, ஷியா வெண்ணெய் போன்றவற்றை எண்ணெயோடு உருக்கிச் சேர்த்துச் செய்யும் பாம்களிலும் பெரும்பாலும் நீர் இருக்காது. இவை தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை, இருக்கும் நீர் வெளியேறாமல் தடுக்கின்றன. எழும்பி நிற்கும் செல் ஓரங்களைப் படிய வைத்துச் சொரசொரப்பையும் குறைக்கின்றன.

தடுக்கும் திறன் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பெட்ரோலியம் ஜெல்லி போதிய அளவு பூசப்பட்டால் நீர் ஆவியாவதை ஏறத்தாழ முழுவதுமாகவே நிறுத்திவிடும். தாவர எண்ணெய்களின் தடுப்பு அதைவிட மிகக் குறைவு. எனவே வெடித்த உதட்டுக்கும், சளி பிடித்துத் துடைத்துத் துடைத்துப் புண்ணான மூக்கோரத்துக்கும் விலை உயர்ந்த ஃபேஸ் ஆயிலைவிடச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லிதான் நன்றாக வேலை செய்யும். உதட்டின் மேற்படலம் மிக மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே இல்லையென்றே சொல்லலாம். இடத்தை விட்டு நகராத பாம் அதற்கு மிகவும் பொருத்தம்.

எண்ணெய் நீரைக் காக்கும் பொருள் என்பது புரிந்துவிட்டால் பூசும் முறையும் புரிந்துவிடும். காய்ந்துபோன முகத்தில் எண்ணெய் தடவினால் காப்பதற்கு அங்கே அதிக நீர் இல்லை. முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் போவதற்குள், அதாவது இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், பூச வேண்டும். கிளிசரின் கலந்த மாய்ஸ்சரைசரை முதலில் தடவி, அதன் மேல் எண்ணெயைப் போடுவது இன்னும் நல்லது. கிளிசரின் நீரைப் பிடித்துவைக்கும், எண்ணெய் அதை மூடிவைக்கும். இரண்டு கன்னங்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்று சொட்டு போதும். உள்ளங்கையில் தேய்த்து, அழுத்தாமல் ஒற்றி வைக்க வேண்டும். பாம் என்றால் ஓர் அரிசி மணி அளவு எடுத்து, விரல் சூட்டில் இளக்கிக்கொண்டால் போதும்.

எந்த எண்ணெய் என்பதும் கவனிக்க வேண்டியதே. சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி, ஆலிவ் எண்ணெயில் ஓலியிக் அமிலம் மிகுதி. பிரிட்டனில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசிய தோலின் தடுப்புச் சுவர் பலவீனமடைந்தது, சூரியகாந்தி எண்ணெய் பூசிய தோலில் அப்படி நேரவில்லை. ஓலியிக் அமிலம் சாந்துக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் கலைப்பதே காரணம். ‘இயற்கையானது’ என்ற ஒரே தகுதியை வைத்து ஆலிவ் எண்ணெயை வறண்ட முகத்துக்குப் பரிந்துரைப்பது சரியல்ல. நம் வீடுகளில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு நன்றாக உதவுகிறது. முகத்தில் அது எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை.

முகத்தில் பிசுபிசுப்பை உண்டாக்குவது சீபம். மயிர்க்கால்களோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சீபத்தில் பாதிக்கு மேல் டிரைகிளிசரைடும் அதிலிருந்து உடைந்த கொழுப்பு அமிலங்களும்தான். மீதியில் மெழுகு வகைகளும் ஸ்குவாலினும் உண்டு. குப்பியில் விற்கும் தாவர எண்ணெய்களும் பெரும்பாலும் டிரைகிளிசரைடுகளே. சுரப்பி தருவதும் குப்பி தருவதும் கிட்டத்தட்ட ஒரே இனம் என்பதால், எண்ணெய் வழியும் நெற்றியில் ஃபேஸ் ஆயில் தடவுவது ஏற்கெனவே இருக்கும் படலத்தைத் தடிக்கச் செய்வதாகவே முடிகிறது.

பளபளப்பு ஒளியால் வருவது. வறண்ட தோலின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால் வெளிச்சம் நாலாபுறமும் சிதறி, தோல் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். சிறிதளவு எண்ணெய் பள்ளங்களை நிரப்பும்போது சிதறல் குறைந்து கன்னம் பொலிவாகத் தெரிகிறது. நெற்றியில் சீபம் அந்தப் பள்ளங்களை முன்பே நிரப்பியிருக்கும். அதற்கு மேல் வரும் எண்ணெய் வழவழப்பான பரப்பாகி, வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. கன்னத்துக்கு அழகு தந்த அதே இரண்டு சொட்டு நெற்றியில் ‘எண்ணெய் வடிகிறது’ என்ற பேச்சைக் கேட்க வைக்கிறது. வெயிலில் தோலின் சூடு ஏற ஏறச் சீபம் அதிகமாக வெளிவரும், வியர்வையும் சேரும். ஊட்டியில் டிசம்பரில் இதமாக இருந்த பாம் சென்னையில் மே மாதம் வழிந்து இறங்குவது இதனால்தான்.

எண்ணெய் தடவினால் சுரப்பி ‘போதும்’ என்று நிறுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பியை இயக்குவது முக்கியமாக ஆண்ட்ரோஜென் வகை ஹார்மோன்கள். முகத்தின் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. அதேபோல், சீபம் நிறைய இருப்பதால் தோலில் நீர்ச்சத்தும் நிறைய இருக்கும் என்று கொள்ளவும் முடியாது. பருவமடையாத பிள்ளைகளிடம் சீபம் மிகக் குறைவு, ஆனாலும் அவர்களின் தோல் மென்மையாகவே இருக்கிறது. நீரைக் காப்பது செல்களுக்கு இடையே உள்ள சாந்து. சீபம் அதற்கு மேலே படர்வது. ஒரே முகம் மேலே வழிந்துகொண்டும் உள்ளே வறண்டும் இருப்பதற்கு இதுவே விளக்கம்.

அப்படிப்பட்ட முகம் நகரங்களில் மிகச் சாதாரணம். சென்னையில் நாள் முழுவதும் ஏ.சி. அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளலாம். நெற்றி வழிகிறதே என்று காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குளியல் சோப்பால் முகம் கழுவுகிறார். சோப்பின் காரத்தன்மை பி.எச். 9 முதல் 10 வரை, தோலின் இயல்பு 5-ஐ ஒட்டியது. ஒவ்வொரு முறையும் சீபத்தோடு சேர்ந்து சாந்தும் கொஞ்சம் போகிறது. ஏ.சி. காற்றில் ஈரம் குறைவு. ஒரு மாதத்தில் கன்னம் இழுக்கிறது, வாயோரம் உரிகிறது. வறட்சி என்று முடிவு செய்து, இரவில் முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்கிறார். காலையில் நெற்றி கண்ணாடிபோல் மின்னுகிறது, அதைப் போக்க மறுபடியும் சோப்பு. இந்தச் சுழற்சியில் கன்னமும் தேறுவதில்லை, நெற்றியும் அடங்குவதில்லை.

இவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த இடம் எப்படி இருக்கிறது என்பது. மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவி, ஒற்றி, எதுவும் தடவாமல் ஒன்றரை மணி நேரம் விட வேண்டும். பிறகு மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டுகளை நெற்றி, மூக்கு, இரு கன்னங்கள் என்று தனித்தனியாக அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். நெற்றித் துண்டில் ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை தெரியும். கன்னத் துண்டு காகிதமாகவே இருக்கும். கறை தெரிந்த இடத்துக்கு எண்ணெயும் பாமும் வேண்டாம். நீர்த்தன்மையுள்ள ஜெல் வகை மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். கறை தெரியாத கன்னத்தில் மாய்ஸ்சரைசருக்கு மேல் இரவில் இரண்டு சொட்டு எண்ணெய். சோப்பை நிறுத்தி, ஃபேஸ் வாஷைக் காலை, இரவு என்று இரு வேளைக்குக் குறைத்து, மதியம் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும். பகலில் எண்ணெய் தடவி அதன் மேல் சன்ஸ்கிரீன் போட்டால், அது சீராகப் படியாமல் திட்டுத் திட்டாக நகர்ந்துவிடும். ஆகவே எண்ணெயை இரவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இரண்டு மூன்று வாரங்களில் இழுப்பும் உரிதலும் குறைந்திருக்கும்.

குறையவில்லை என்றால், உரிவது வறட்சியால்தானா என்று சந்தேகிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மூக்கின் இரு மடிப்புகள், புருவம், காதோரம், தலைமுடி தொடங்கும் இடம் ஆகியவற்றில் சிவந்து, பிசுபிசுப்பான மஞ்சள் நிறச் செதில்கள் உரிந்தால் அது வறட்சி அல்ல, செபோரிக் டெர்மடைடிஸ் என்ற அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். தலையில் பொடுகும் கூடவே இருக்கும். மலஸீஸியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு இதில் பங்கு உண்டு. எண்ணெய்களில் உள்ள பல கொழுப்பு அமிலங்கள் அதற்கு உணவு. உரிகிறதே என்று எண்ணெய் தடவினால் ஓரிரு நாள் செதில் படிந்து குணமானதுபோல் இருக்கும், பின்பு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். இதற்குத் தேவை பூஞ்சையை அடக்கும் கிரீம். அதைத் தோல் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

முகத்தில் தடவாத எண்ணெயும் முகத்துக்கு வந்து சேரும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் இறங்கி, முடி ஓரமாக ஒரே அளவில் நெருக்கமான சிறு பொரிகளைக் கிளப்புவதுண்டு. தலையில் பூசும் களிம்புகளால் வரும் இந்தப் பருவை மருத்துவ ஆய்வாளர்கள் 1970-லேயே பெயரிட்டு விவரித்திருக்கிறார்கள். முகவாயிலும் கன்னத்திலும் ஏதுமின்றி நெற்றியிலும் பொட்டிலும் மட்டும் பொரி இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தலை எண்ணெயைத்தான். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் எண்ணெய் வைத்து அலசிவிடுவது, தலையணை உறையை அடிக்கடி மாற்றுவது ஆகிய இரண்டும் இதற்குப் பெரும்பாலும் போதும். மயிர்க்காலில் அடைப்பு உருவாகவே பல வாரங்கள் ஆகும் என்பதால் அடங்கவும் அவ்வளவு நாள் பிடிக்கும். புதிய ஃபேஸ் ஆயிலைச் சோதிப்பவர்களும் இந்தக் கணக்கை மறக்கக்கூடாது. தாடையோரம் ஒரு சிறு இடத்தில் ஆறு வாரங்கள் தடவிப் பார்த்து, பொரி எழவில்லை என்றால்தான் அது அந்த முகத்துக்கு ஒத்துவரும் எண்ணெய்.